ரிப்பீட்டரில் பேசும் முன்: ரிசீவ் டோனைத் தொடாதீர்கள்

புதிதாக ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கி, ஹேண்டி என்கிற கையடக்க செட்டைக் கையில் எடுக்கிறவர்கள் திரும்பத் திரும்ப அதே சில இடங்களில்தான் வழுக்குகிறார்கள். சார்ஜ் இல்லை, ஆன்டெனா தளர்ந்துவிட்டது என்பதையெல்லாம் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், அதை விடுகிறேன்.

இரண்டு பக்கமும் டோன் போடுவது

ரிப்பீட்டர் ஒரு அலைவரிசையில் கேட்டு, அதே நேரத்தில் இன்னொன்றில் திருப்பி அனுப்பும். அது அனுப்புவது 145.600 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டு அலைவரிசைக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் ஷிஃப்ட். 2 மீட்டர் பேண்டில் அது வழக்கமாக மைனஸ் 600 கிலோஹெர்ட்ஸ், ஆக நாம் 145.000-ல் அனுப்ப வேண்டும். கூடவே, குரலுக்கு அடியில் காதுக்கு எட்டாமல் 88.5 ஹெர்ட்ஸ் போல ஒரு டோன் போனால்தான் ரிப்பீட்டர் திறக்கும். இந்த டோனை `T-CTCS` மெனுவில் போடுகிறோம். சரி, இதுவரை யாரும் தவறுவதில்லை. அதே மெனு வரிசையில் ரிசீவ் டோனுக்கான `R-CTCS` இருக்கிறதே, அதிலும் 88.5 போட்டுவிடுகிறார்கள், வினை அங்கேதான். பல ரிப்பீட்டர்கள் டோனைத் திருப்பி அனுப்புவதே இல்லை. வராத டோனுக்காக உங்கள் செட் காத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருக்கும்.

பாளையங்கோட்டையில் ஒரு தம்பி, "அண்ணாச்சி, சேனல் காலியாத்தான் கிடக்கு, கூப்பிட்டா யாருமே வரல" என்றான். அந்த நேரத்தில் தென்காசிக்காரரும் கோவில்பட்டிக்காரரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சின் மேலேயே இவன் ஏறி ஏறிக் கூப்பிட, எல்லார் செட்டிலும் கீச்சென்ற இரைச்சல், பாதி வார்த்தை காணோம். இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும், ஏனென்றால் கெடுவது அடுத்தவர் பேச்சு, கெடுத்தவருக்கோ அது தெரியவே தெரியாது.

கண்டுபிடிப்பது எளிது. பச்சை விளக்கு எரிகிறது, ஸ்பீக்கரில் சத்தம் இல்லை என்றால் சிக்னல் வருகிறது, டோன்தான் தடுக்கிறது. மானிட்டர் பொத்தானை அழுத்துங்கள், பேச்சு கேட்டால் `R-CTCS`-ஐ `OFF` செய்யுங்கள்.

ஆஃப்செட் மட்டும் போட்டு திசையை விடுவது

`OFFSET`-ல் ஷிஃப்ட் அளவு `00.600` போட்டால் போதாது, எந்தப் பக்கம் என்று சொல்ல `SFT-D`-ல் மைனஸும் வேண்டும்.

எட்டவில்லை என்றதும் வாட்ஸைக் கூட்டுவது

1 வாட்டை 5 ஆக்கினால் சுமார் 7 டெசிபெல்தான் கூடும், மீட்டரில் ஏறக்குறைய ஒரு S அளவு. வீட்டுக்குள்ளிருந்து மொட்டை மாடிக்கு ஏறினாலே பெரும்பாலும் அதைவிட அதிகம் கிடைக்கும். 2 மீட்டர் அலைக்குப் பார்வை எட்டும் வழி வேண்டும். மலைமேல் உயரத்தில் நிற்கிற ரிப்பீட்டருக்கு அந்த வழி பல ஊர்களுக்கும் இருப்பதால்தான் கைக்கு அடக்கமான செட் தூரத்துக்குப் போகிறது. பாபநாசம் பக்கம் மலை அடிவாரத்தில், நடுவே ஒரு முகடு மறைத்தால் வாட்ஸ் பெரிதாக உதவாது, நாலடி தள்ளி நின்று பாருங்கள். ஆன்டெனாவை நேராகப் பிடியுங்கள்.

ரிப்பீட்டர் நமக்கு நன்றாகக் கேட்கிறது என்பதற்காக நாம் அதற்குக் கேட்கிறோம் என்று அர்த்தமில்லை, அதன் வாட்ஸ் நம்மைவிடப் பல மடங்கு. கால்சைனைச் சொல்லிப் பொத்தானை விட்ட பிறகும் ரிப்பீட்டரின் கேரியர் சிறிது நேரம் நின்று அணைந்தால் எட்டிவிட்டது.

அழுத்தியதும் பேசுவது

ஒரு நொடி பொறுங்கள். டோனை ரிப்பீட்டர் அடையாளம் காண்பதற்குள் கால்சைனின் முதல் எழுத்து போய்விடும்.

பக்கத்துத் தெருக்காரரோடு ரிப்பீட்டரில் பேசுவது

ரிவர்ஸ் போட்டு 145.000-ல் கேளுங்கள். அவர் நேராகவே வந்தால், ரிப்பீட்டர் இல்லாமல் செட்டுக்குச் செட் பேசும் சிம்ப்ளெக்ஸுக்குப் போய்விடுங்கள்.