'கேன் ஏபிள் டு': ஒரே வாக்கியத்தில் இரண்டு 'முடியும்'

'ஐ கேன் ஏபிள் டு அட்டெண்ட் தி இன்டர்வியூ.' வேலைக்கு எழுதிய மடலைத் திருத்தித் தரும்படி நண்பரின் மகன் கேட்டிருந்தான். மற்ற வரிகளில் பழுதில்லை. 'கேன்' என்றாலும் முடியும், 'ஏபிள்' என்றாலும் முடியும் என்று படித்தவன் இரண்டையும் சேர்த்துவிட்டான்.

ஆனால் 'ஏபிள்' வினைச்சொல் அல்ல. 'ரெடி' போல ஒரு பெயரடை. 'கேன்' தனக்கு அடுத்து வினையின் அடிவடிவத்தைத்தான் ஏற்கும். சந்தேகம் வந்தால் 'ஏபிள்' இருக்கும் இடத்தில் 'ரெடி'யை வைத்துப் பாருங்கள். 'ஐ கேன் ரெடி டு கம்' என்று யாரும் சொல்வதில்லை; 'ஐ ஆம் ரெடி டு கம்' என்போம். ஆகவே 'ஐ ஆம் ஏபிள் டு கம்', அல்லது சுருக்கமாக 'ஐ கேன் கம்'. சிலர் 'கேன் பி ஏபிள் டு' என்று நடுவில் ஒரு 'பி' சேர்த்துச் சமாளிப்பார்கள். அப்போதும் சொன்னதையே இரண்டு முறை சொன்னதாகத்தான் ஆகும்.

அப்படியானால் 'பி ஏபிள் டு' எதற்கு? தமிழில் 'முடி' என்பது முழு வினை. முடிந்தது, முடியலாம், முடிந்திருக்கிறது என்று எப்படியும் வளையும். 'கேன்' அப்படி வளையாது. 'குட்' தவிர அதற்கு வேறு வடிவமே இல்லை. 'வில்', 'மைட்', 'மஸ்ட்' ஆகியவற்றின் பின்னால் அதை நிறுத்தவும் முடியாது. (ஸ்காட்லாந்திலும் அமெரிக்கத் தென்பகுதியிலும் பேச்சில் 'மைட் குட்' என்பவர்கள் உண்டு. அது வட்டார வழக்கு, தேர்வுத் தாளுக்கு ஆகாது.) அந்த இடங்களில் 'பி ஏபிள் டு' கைகொடுக்கும். 'திங்கட்கிழமை சேர முடியும்' என்பதற்கு 'ஐ வில் கேன் ஜாயின்' அல்ல, 'ஐ வில் பி ஏபிள் டு ஜாயின்'. 'வர முடியலாம்' என்றால் 'ஐ மைட் பி ஏபிள் டு கம்'. 'இதுவரை பேச முடியவில்லை' என்றால் 'ஐ ஹேவ் நாட் பீன் ஏபிள் டு ஸ்பீக்'.

இன்னொரு வம்பும் உண்டு. நம் 'முடியாது' இயலாமையையும் சொல்லும், தடையையும் சொல்லும். 'தாமதமாக வருபவர்கள் தேர்வு அறைக்குள் வர முடியாது' என்ற அறிவிப்பில் வருபவர்களின் கால்களுக்கு ஒன்றும் இல்லை. விதி விடாது, அவ்வளவுதான். அதை 'வில் கனாட் என்டர்' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். 'வில் நாட் பி அலவ்ட் டு என்டர்' என்றிருக்க வேண்டும்.

இறந்த காலத்தில் 'குட்' கொஞ்சம் ஏமாற்றும். 'சின்ன வயதில் நீந்த முடியும்' என்ற பொதுத் திறமைக்கு 'ஐ குட் ஸ்விம்' பொருந்தும். 'நேற்று ஓடிப்போய் ரயிலைப் பிடிக்க முடிந்தது' என்று ஒருமுறை நடந்து முடிந்ததைச் சொல்ல 'ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச் தி ட்ரெயின்' வேண்டும். ரயிலைத் தவறவிட்டிருந்தால் 'ஐ குடின்ட் கேட்ச் இட்' என்றாலே போதும். எதிர்மறையில் இந்தக் கெடுபிடி கிடையாது.