கதைக்கு முன் காட்டும் படச் சொல்லட்டைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழு வயதுப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்குமுன் கடினமான சொற்களைப் படத்துடன் அட்டையில் காட்டும்போது, முதல் தவறு சொற்களைத் தெரிவு செய்வதிலேயே நேர்கிறது. பேரன் ஒருவன் அப்புவுடன் இரவு வயற்காவலுக்குப் போகும் கதையில் பரண், துருசு, வரம்பு, சுவடு, பிளிறியது, தயங்கினான் ஆகிய சொற்கள் வருகின்றன என்று கொள்வோம். நகரத்து ஆசிரியர் முதல் மூன்றுக்கும் தவறாமல் அட்டை செய்வார். குளத்தின் கீழ் வயல் செய்யும் வன்னிக் குடும்பத்துப் பிள்ளைக்கோ அவை வீட்டிலேயே புழங்கும் சொற்கள். இங்கே அட்டை வேண்டியவை பின் மூன்றுமே. "இந்தச் சொல் தெரியுமா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் தெரியும் என்றே சொல்லும் என்பதால், "எங்கே கேட்டீர்கள்? யார் சொன்னார்கள்?" என்று கேட்டுத் தெரிவு செய்வது நல்லது.

அடுத்தது படம். 'பிளிறியது' என்பதற்கு யானையை மட்டும் வரைந்தால், பிள்ளை அந்தச் சொல்லுக்கு யானை என்றே பொருள் கொள்ளும். துதிக்கையை உயர்த்தி வாய் திறந்த யானையையும், அதன் அருகே அமைதியாகப் புல் மேயும் இன்னொன்றையும் வரைந்து, முதலாவதை மட்டும் சுட்டிக்காட்ட வேண்டும். 'சுவடு' என்பதற்கு ஒற்றை வட்டம் வரைந்தால் அது குழியாகிவிடும்; ஈரமண்ணில் வரிசையாகப் பதிந்த அடிகளும் அவற்றின் முடிவில் விலகிச் செல்லும் யானையும் இருந்தால்தான் பொருள் விளங்கும். அத்துடன் செருப்புத் தடம் பதிந்த மணலையும் காட்டாவிட்டால், சுவடு யானைக்கு மட்டுமே உரியது என்று பிள்ளை எண்ணிக்கொள்ளும். சொல்லை மறைத்துவிட்டு, கதை அறியாத ஒரு பிள்ளையிடம் படத்தை மட்டும் நீட்டிப் பார்த்தால், படம் தேறுமா என்பது உடனே தெரிந்துவிடும்.

'தயங்கினான்' எளிதில் படத்துக்குள் அடங்காது. வாய்க்காலின் குறுக்கே கிடக்கும் மரக்குற்றியின் முன் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கும் சிறுவனையும், அக்கரையிலிருந்து கையசைத்து அழைக்கும் நண்பனையும் வரையலாம். ஆயினும் ஆசிரியர் வகுப்பு வாசல்வரை நடந்து, நின்று, திரும்பிப் பார்த்து, பின்னர் வெளியேறிக் காட்டுவதே இச்சொல்லுக்கு மேலானது. படம் பிற்பாடு அதை நினைவூட்டப் போதும்.

அகராதி விளக்கத்தை அட்டையில் எழுதுவதும் பயன் தராது. 'தயக்கம் கொள்ளுதல்' என்பது தெரியாத சொல்லுக்கு அதைப் போன்றதொரு சொல்லைத் தருவதாகவே முடியும். "செய்யலாமா, வேண்டாமா என்று சற்று நின்றான்" என வாயால் சொன்னால் போதும். கதையில் 'தயங்கியபடியே' என்று வருமானால் 'தயங்கு' என்று மட்டும் எழுதிய அட்டை உதவாது, ஏனெனில் வாசிக்கப் பழகிவரும் பிள்ளைக்கு இரண்டும் வெவ்வேறு சொற்களாகவே தோன்றும். ஆகவே கதையில் உள்ள வடிவத்தையே எழுதி, அதன் அடிச்சொல்லுக்குக் கீழ்க்கோடு இட வேண்டும். கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கப் படத்தை அட்டைக்குப் பயன்படுத்துவோரும் உண்டு. யானை காட்டுக்குத் திரும்பிவிட்டது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வாசிப்புத் தொடங்கியதும் அட்டைகளை அலுமாரியில் வைத்துவிடலாகாது. அந்தச் சொல் வரும் இடத்தில் நிறுத்தாமல் அட்டையைத் தொட்டுக்காட்டி, கதை முடிந்த பின் படமில்லாமல், "நீங்கள் எப்போது தயங்கினீர்கள்?" என்று கேட்க வேண்டும். "பேரன் தயங்கினான்" என்று கதையையே திருப்பிச் சொல்லும் பிள்ளைக்கு மறுநாளும் அதே அட்டை தேவைப்படும்.