ஐலசாவை அடைப்புக்குறிக்குள் போடாதீர்கள்

கல்லூரிப் பிள்ளைகள் சேகரித்துக்கொண்டு வரும் நாட்டுப்புறப் பாட்டு நோட்டுகளை வருடா வருடம் பார்க்கிறேன். மீனவர் பாட்டு என்றால் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். பாட்டெடுத்தவர் பாடிய அடிகள் வரிசையாக, அழகான கையெழுத்தில் இருக்கும். முதல் இரண்டு அடிகளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘ஐலசா’ என்று போட்டிருப்பார்கள். மூன்றாவது அடியிலிருந்து அதுவும் இருக்காது. கேட்டால், “அது எல்லா அடிக்கும் ஒண்ணுதானே சார், எதுக்குத் திரும்பத் திரும்ப எழுதணும்?” என்பார்கள்.

வேலை முழுவதும் அந்த ‘ஐலசா’வில்தான் நடக்கிறது. அதை விட்டுவிட்டால் கையில் மிஞ்சுவது பாட்டில் பாதிகூட இல்லை. இந்தத் தவறு எங்கே தொடங்குகிறது என்று புரிய வேண்டுமானால் ஒரு கரைவலை இழுப்பைக் கூடவே நின்று பார்க்க வேண்டும்.

கரைவலை என்பது கரையில் நின்றே இழுக்கும் பெரிய வலை. கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டுப் படகு கடலுக்குள் போய், வலையை அரைவட்டமாக விட்டுக்கொண்டே சுற்றி, மறுநுனியோடு வேறோர் இடத்தில் கரைக்கு வரும். பிறகு இரண்டு நுனியிலும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். இரண்டு பக்கத்துக் கயிறும் வரவர, மீன் எல்லாம் வலையின் நடுவில் பை போல இருக்கும் மடியில் வந்து சேரும். இழுக்கும்போது பாடுவதுதான் அம்பா. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பதில் போடுவார்கள்.

இழுப்பு எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். பாட்டெடுப்பவர் “வாடைக் காத்து வீசுது” என்று சொல்லும் நேரத்தில் கயிற்றில் யாரும் பலம் போடுவதில்லை. காலை மாற்றி ஊன்றுகிறார்கள், கைப்பிடியை முன்னால் நகர்த்துகிறார்கள், மூச்சை உள்ளே வாங்குகிறார்கள். “ஐ” என்று வாய் திறக்கும்போது கயிறு விறைக்கிறது, “சா” முடிவதற்குள் வரிசை முழுவதும் ஓர் எட்டு பின்னால் போயிருக்கிறது. பலம் போடும் நேரமும் மூச்சை வெளியே விடும் நேரமும் ஒன்றாக அமைகின்றன. பதில் குட்டையாக இருப்பதற்கும் வாய் திறந்தபடி முடிவதற்கும் காரணம் அதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கும் வேலையில் நீளமான வார்த்தை யாருக்கும் வராது. சொல் ஊருக்கு ஊர் மாறும், ஏலேலோ என்று வரும், வேறு ஒலியாகவும் வரும். ஆனால் அடியில் ஓய்வு, பதிலில் பலம் என்பதை நான் பார்த்த எந்த இழுப்பிலும் மாற்றிக் கண்டதில்லை.

மேடையில் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறோம். அடி பாடும்போது கயிறு இழுப்பது மாதிரி ஆடுவார்கள், ‘ஐலசா’ வரும்போது நிமிர்ந்து நின்று கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். பாட்டின் அர்த்தம் அடியில் இருப்பதால் அபிநயமும் அங்கேதான் என்று நினைப்பதால் வரும் தவறு இது.

அடுத்தது, ‘முழுப் பாட்டு’ என்று ஒன்றைத் தேடிப் போவது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பக்கக் கயிறு 300 மீட்டர் என்று வையுங்கள். ஓர் இழுப்புக்கு அரை மீட்டர் வருகிறது என்றால் 600 இழுப்பு. இழுப்புக்கு 4 விநாடி என்றால் 40 நிமிடம், அதுவும் கயிறு மட்டும். வலை இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறது. 600 பதிலுக்கு 600 அடி வேண்டும். எழுதி வைத்த பாட்டில் அத்தனை அடிக்கு எங்கே போவது? அதனால்தான் பாட்டெடுப்பவர் சாமி பேரைச் சொல்வார், சொன்ன அடியையே திருப்பிச் சொல்வார், எதிரே வருபவரைக் கிண்டல் செய்வார், நேற்று வராதவன் பேரை இழுப்பார், கரையில் நிற்கும் வியாபாரியைப் பற்றி ஓர் அடி கட்டுவார். நாம் பிறகு போய், “அய்யா, அந்தப் பாட்டை முழுசாச் சொல்லுங்க” என்று கேட்டால் அவர் பாவம் பத்து அடியை யோசித்துச் சொல்கிறார். நாமும் அதுதான் பாட்டு என்று அச்சடித்துவிடுகிறோம். திரும்ப வந்த அடிகளை ‘கூறியது கூறல்’ என்று வெட்டுகிறவர்களும் உண்டு. ஓர் அடி நான்கு முறை வந்தால் நான்கு முறையும் எழுதுங்கள். புது அடி கட்ட முடியாத அளவுக்குக் கனம் ஏறிய இடமாக அது இருக்கலாம்.

வேகம் பற்றிய தவறை நானே செய்திருக்கிறேன். ஒரு விழாவுக்காகப் பிள்ளைகளுக்கு அம்பா பழக்கினேன். பறையை வைத்து ஒரே சீரான கொட்டு, போகப்போக வேகம் கூடும், கடைசியில் உச்சம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கரைவலையில் பல வருடம் நின்ற ஒரு பெரியவரை ஒத்திகைக்கு அழைத்திருந்தேன். முழுவதும் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, இந்த வேகத்துல இழுத்தா வலையோட அடிக்கயிறு தரையை விட்டு எழும்பிடும். மீனு எல்லாம் கீழால போயிடும்.”

அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். அடிக்கயிறு கடலின் அடித்தரையைத் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். ரொம்ப வேகம் என்றால் அது தூக்கிக்கொள்ளும். ரொம்பச் சோம்பினால் மீன் வலை வாய் வழியாகத் திரும்பிப் போய்விடும். ஒரு பக்கத்துக் கும்பல் மட்டும் அவசரப்பட்டால் வலை கோணிக்கொள்ளும். அதனால் பாட்டெடுப்பவரின் கண் கயிற்றில் இருக்கும், அலையிலும் இருக்கும். வலை அலை உடையும் இடத்துக்கு வந்ததும், அலை கரை ஏறும்போது இழுக்க வேண்டும், அலை பின்வாங்கும்போது காலை மணலில் புதைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்திருந்தாலே போதும். அலை தாமதித்தால் அவர் அடியை நீட்டுவார், “வீசு...து” என்று இழுத்துக்கொண்டே நிற்பார். அலை வந்ததும் அடியை வெட்டிவிட்டுப் பதிலுக்கு விடுவார். அலை எப்போதும் ஒரே இடைவெளியில் வராது, அதனால் அந்த அடிகளின் நீளமும் ஒன்றாக இருக்காது.

இதை அறியாமல், பதிவை எடுத்து வந்து ‘தாளம் சரியில்லை’ என்று கணினியில் நேர்ப்படுத்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. அவர்கள் அழிப்பது அந்த நாளின் அலையை.

உங்கள் பதிவு சரியா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அடிகளை விட்டுவிட்டுப் பதில்களை மட்டும் கேட்டு, ஒரு பதிலுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை விநாடி என்று குறித்துக்கொண்டே வாருங்கள். கனம் ஏறும்போது இடைவெளி நீள வேண்டும். மடி நெருங்கும்போது அடி சுருங்கி, பதிலும் பதிலும் மோதிக்கொள்ள வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை இடைவெளி ஒன்றாகவே இருந்தால், அந்தப் பாட்டைத் திண்ணையில் உட்கார வைத்துப் பாட வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பாடியவர்மேல் குறை இல்லை. கையில் கயிறு இல்லாதபோது பாட்டு அப்படித்தான் வரும். வேலை நடக்கும் இடத்தில் பதிவு செய்ய முடியாவிட்டால், நாலு பேரைக் கூட்டி ஒரு கனமான படகையாவது தள்ளச் சொல்லி, அப்போது பாடச் சொல்லுங்கள். வீடியோ எடுத்தால் முகத்தை விடக் கால்கள் தெரிவது முக்கியம்.

சரி, பதிலில்தான் பலம் என்று ஒருமுறை புரிந்துகொண்டவர்கள் அதையே வயலுக்கும் தூக்கிக்கொண்டு போவதுண்டு. அது வேறொரு தவறு.

பாகூர்ப் பக்கமோ காட்டுமன்னார்கோயில் பக்கமோ நடவு வயலில் நின்று பாருங்கள். பெண்கள் வரிசையாகக் குனிந்து, இடக்கையில் நாற்றுமுடி, வலக்கையால் இரண்டு மூன்று நாற்றைப் பிரித்துச் சேற்றில் ஊன்றிக்கொண்டே பின்னால் நகர்கிறார்கள். சதுர மீட்டருக்கு 50 குத்து என்று நட்டால் ஏக்கருக்கு 2 லட்சம் குத்து. 15 பேர் நட்டால் ஆளுக்குப் பதின்மூவாயிரத்துக்கு மேல். ஒவ்வொரு ஊன்றலுக்கும் ஒரு பதில் போட எந்தத் தொண்டையாலும் ஆகாது, தேவையும் இல்லை. கயிறு எல்லோரையும் ஒன்றாகக் கட்டியிருக்கிறது. நாற்று அப்படிக் கட்டவில்லை. ஒருத்தி கை வேகம், இன்னொருத்தி நிதானம். ஒன்றாக நடக்க வேண்டியது வரிசையின் நகர்வு மட்டும்தான். யாராவது பின்தங்கினால் வரிசை வளையும், அவளுக்குப் பின்னால் இடம் நடாமல் கிடக்கும்.

அதனால் நடவுப் பாட்டின் பதில் நீளமானது. எடுத்துக் கொடுப்பவர் சொன்ன அடியையே எல்லோரும் திருப்பிப் பாடுவார்கள், இல்லையென்றால் ‘ஏலேலோ’வை நீட்டுவார்கள். அந்தப் பதில் ஓடும் நேரத்துக்குள் கைக்கு எட்டும் அகலத்தை நட்டு முடித்து ஓர் எட்டு பின்வாங்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. குனிந்திருக்கும் வயிறு மடங்கிக் கிடக்கிறது, மூச்சு முழுதாக இறங்காது. ஒரே ஆள் தொடர்ந்து பாடினால் பத்து நிமிடத்தில் குரல் போய்விடும். மற்றவர்கள் திருப்பிப் பாடும் நேரம்தான் முன்னால் பாடும் அக்காவுக்கு மூச்சு வாங்கும் நேரம். கரைவலையில் அடி வந்தால் ஆட்களுக்கு ஓய்வு. நடவில் பதில் வந்தால் பாட்டெடுத்தவருக்கு ஓய்வு. மேடையில் நடவுப் பாட்டுக்கு ஒவ்வொரு கொட்டுக்கும் எல்லோர் கையும் ஒன்றாக இறங்குவதைப் பார்க்கிறோமே, அப்படி எந்த வயலிலும் நான் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளைகளை நிமிர்ந்து நிற்கவைத்துப் பாட வைப்பதும் தவறு. குனிந்து பாடச் சொல்லிப் பாருங்கள், அடி தானாகவே துண்டு துண்டாக உடையும். வயலில் கேட்கும் நிறுத்தங்கள் எங்கிருந்து வந்தன என்று அவர்களே சொல்வார்கள்.

இப்போது பல இடங்களில் படகைக் கரையேற்ற டிராக்டர் வந்துவிட்டது, நடவுக்கு இயந்திரம் வந்துவிட்டது. பாட்டு நினைவில் இருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களிடம் போகும்போது “பாடுங்க” என்று மட்டும் கேட்காமல், “எங்க இழுப்பீங்க, எங்க விடுவீங்க?” என்று சேர்த்துக் கேளுங்கள். உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிடுவார், கை தானாகக் கயிற்றைப் பிடிக்கும்.

கடைசியாக, பதிவை எங்கே நிறுத்துவது? மடி கரை தொட்டதும் அம்பா முடிவதில்லை, அறுந்துபோகிறது. நான் வைத்திருக்கும் ஒரு பதிவில் பாட்டெடுத்தவர் ஓர் அடியில் பாதி சொல்லியிருக்கிறார். அதற்குள் “பிடி, பிடி, மடியைப் பிடி” என்று நாலைந்து குரல், தண்ணீரில் ஓடும் காலடிச் சத்தம், கூடை உரசும் சத்தம். ஒரு மாணவி அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, முந்தைய ஐலசாவோடு அழகாக முடித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பாதி அடியைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன்.