ஆளுக்கொரு ஸ்விம்லேன்: போர்டில் அடிக்கடி நேரும் தவறுகள்

குழுவின் வேலைகளைக் கண்காணிக்க உதவும் ஜிரா போன்ற கருவியில் புதிதாக ஒரு போர்டைத் திறந்ததும் பல குழுக்கள் முதலில் செய்வது, ஸ்விம்லேன்களை ஆள்வாரியாகப் பிரிப்பதுதான். ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு கிடைவரிசை கிடைக்கிறது, அதில் அவரவர் வேலைகளுக்கான டிக்கெட்டுகள் கார்டுகளாக வந்து நிற்கின்றன. பார்க்க ஒழுங்காக இருப்பதால் அதை மாற்ற யாருக்கும் தோன்றுவதில்லை. சேர்ந்து ஒரு பொருளை உருவாக்கும் குழுவுக்கு, இருக்கும் பிரிவுகளிலேயே அதிகம் கெடுதல் செய்வது இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

போர்டின் நெடுவரிசைகள் ஒரு வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்கின்றன. கிடையாக ஓடும் லேன்கள், அந்த வேலைகளை எதை வைத்துச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்கின்றன. ஆள்வாரியாகப் பிரித்தால் ‘யார் என்ன செய்கிறார்’ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். வசதிவாரியாகப் பிரித்தால் ‘எது முடியப் போகிறது, எது நிற்கிறது’ என்பது தெரியும். அவசரவாரியாகப் பிரித்தால் ‘அடுத்து எதை எடுப்பது’ என்பது தெரியும். உங்கள் குழு தினமும் காலையில் கேட்க வேண்டிய கேள்வி இவற்றில் எது என்பதைப் பொறுத்தே லேன் அமைய வேண்டும்.

ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். நான்கு டெவலப்பர்கள், ஒரு டெஸ்டர், ஒரு டிசைனர். ஒரு கடையின் மொபைல் செயலியில் மூன்று வசதிகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன: யுபிஐ கட்டணம், பணத்தைத் திருப்பித் தருதல், முகவரிப் பட்டியல். நெடுவரிசைகள் ஐந்து: செய்ய வேண்டியவை, நடப்பவை, ரிவ்யூ, சோதனை, முடிந்தவை.

ஆள்வாரி போர்டில் இந்தக் குழு நன்றாக இயங்குவதுபோல் தெரியும். ஒவ்வொரு லேனிலும் இரண்டு மூன்று கார்டுகள் நகர்ந்துகொண்டிருக்கும். ‘பணத்தைத் திருப்பித் தருதல்’ என்ற வசதிக்கு ஐந்து கார்டுகள் என்று வைத்துக்கொள்வோம். சர்வர் வேலை முதல் டெவலப்பரின் லேனில் முடிந்துவிட்டது. செயலியின் திரை இரண்டாமவர் லேனில் ரிவ்யூவில் நிற்கிறது. வாடிக்கையாளருக்குப் போகும் குறுஞ்செய்தி மூன்றாமவர் லேனில் நடக்கிறது. மற்ற இரண்டும் யாரிடமும் ஒப்படைக்கப்படாமல் அடியில் கிடக்கின்றன. போர்டை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இந்த ஐந்தும் ஒரே வசதியைச் சேர்ந்தவை என்பது கண்ணில் படாது. அது வெளியீட்டுக்குத் தயாரா என்று மேலாளர் கேட்டால், நான்கு பேர் தத்தம் நினைவிலிருந்து பதில் சேர்க்க வேண்டியிருக்கும்.

இதில் ரிவ்யூ நெடுவரிசையைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும், நாள்கள் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். ரிவ்யூவுக்கு வந்த கார்டு, கோடு எழுதியவர் பெயரிலேயே இருந்தால் அவருடைய லேனில்தான் நிற்கும். அவரோ தன் பங்கை முடித்துவிட்டு அடுத்த கார்டை எடுத்துவிட்டார். ரிவ்யூ செய்ய வேண்டியவர் காலையில் தன் லேனை மட்டும் பார்க்கிறார், அந்தக் கார்டு அங்கே இல்லை. ஆக, இரண்டு பேர் பார்வையிலிருந்தும் அது நழுவிவிடுகிறது. இதைத் தவிர்க்கக் கார்டை ரிவ்யூ செய்பவர் பெயருக்கு மாற்றினால் வேறொரு சிக்கல் வருகிறது. கார்டு லேன் விட்டு லேன் தாவும், கடைசியில் எல்லாம் டெஸ்டரின் லேனில் குவிந்து அவர் ஒருவரே தாமதத்துக்குக் காரணம் என்பதுபோல் தோன்றும். ஜிராவில் ஒரு டிக்கெட்டுக்கு `Assignee` ஒருவர் மட்டுமே. இருவர் சேர்ந்து உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஆள்வாரி லேனில் இடமே இல்லை.

இந்தத் தவறு நடந்துகொண்டிருக்கிறது என்பதைக் காலைக் கூட்டத்திலேயே கண்டுகொள்ளலாம். வரிசையாக ஒவ்வொருவரும் ‘நேற்று இதைச் செய்தேன், இன்று அதைச் செய்வேன்’ என்று ஒப்பிக்கிறார்கள், மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். தன் லேன் காலியாகத் தெரியக் கூடாதே என்று ஒரே வேலையை மூன்று கார்டுகளாக உடைப்பது, முந்தையது முடியுமுன் புதியதைத் தொடங்குவது எல்லாம் அதைத் தொடர்ந்து வருகின்றன. அப்படிச் செய்பவர்கள் மேல் குற்றமில்லை. அவர்களை அப்படி நடக்க வைப்பது போர்டின் அமைப்புதான்.

அதே குழு வசதிவாரி லேனுக்கு மாறியதும், மூன்று வசதிகளும் பாதிப்பாதியாக நிற்பது முதல் பார்வையிலேயே தெரியும். பேச்சும் மாறும். ‘திருப்பித் தருதலை முடிக்க இன்னும் என்ன வேண்டும்?’ என்று கேட்டால் பதில் போர்டிலேயே இருக்கிறது: திரையின் ரிவ்யூவை ஒருவர் இன்று முடிக்க வேண்டும், கிடக்கும் இரண்டு கார்டுகளை முகவரிப் பட்டியல் வேலையில் இருப்பவர் எடுத்துக்கொள்ளலாம். மேலிருக்கும் லேனை முடித்துவிட்டுத்தான் கீழே போவது என்ற பழக்கம் தானாக உருவாகும்.

ஆனால் வசதிவாரி லேனிலும் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. ஆறு பேர் குழுவில் ஆறு வசதிகளுக்கு லேன் திறந்து, ஒவ்வொரு லேனிலும் ஒரே ஒரு கார்டு நடப்பதாக இருந்தால், பெயர்தான் வேறு, அதுவும் ஆள்வாரி போர்டுதான். இந்த அளவுள்ள குழுவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்று லேன்கள் போதும். நான்காவது வசதியின் கார்டுகள் போர்டுக்கு வராமல், பின்னால் எடுக்க வேண்டியவற்றின் பட்டியலான பேக்லாகிலேயே இருக்கட்டும். ஜிராவில் ஒரு வசதியின் கார்டுகளைச் சேர்த்து வைக்கும் பெரிய டிக்கெட்டுக்கு எபிக் என்று பெயர். முடிவே இல்லாத எபிக்குகளுக்கும் லேன் தரக் கூடாது. ‘இதர வேலைகள்’, ‘பழைய கோடு சீரமைப்பு’ என்று ஒரு லேன் திறந்தால் அது ஒருநாளும் காலியாகாது. அதைப் பார்த்துப் பார்த்து, லேன் என்பது முடிக்க வேண்டிய ஒன்று என்ற உணர்வே குழுவுக்கு மரத்துப்போகும்.

பராமரிப்பு, வாடிக்கையாளர் புகார் ஆகியவற்றைக் கவனிக்கும் குழுவுக்கு வசதிவாரி பொருந்தவே பொருந்தாது. அங்கே வரும் டிக்கெட்டுகளுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. எபிக்வாரியாகப் பிரித்தால் பெரும்பாலானவை ‘எபிக் இல்லாதவை’ என்ற ஒரே லேனில் போய் விழும். அவர்களுக்குத் தேவை அவசரவாரி. இங்கே சாதாரணமாக நடக்கும் தவறு, கருவியில் ஐந்து முன்னுரிமைகள் இருக்கின்றன என்பதற்காக ஐந்து லேன்களைத் திறப்பது. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடைமுறையில் என்ன வித்தியாசம் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. வேலையை நடத்தும் விதம் மாறினால் மட்டுமே தனி லேன் வேண்டும். ஜிராவில் லேன்களை `Queries` அடிப்படையில் அமைத்து, மேலிருந்து கீழாக இந்த இரண்டை எழுதினால் போதும்:

```
priority = Highest
duedate <= 5d
```

முதலாவது, கையில் இருப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டியவை. இரண்டாவது, கெடு ஐந்து நாளுக்குள் வருபவை, கெடு கடந்தவையும் இதிலேயே சேரும். மீதமெல்லாம் அடியில் உள்ள பொது லேனுக்குப் போய்விடும். வரிசை முக்கியம், ஏனென்றால் இரண்டு நிபந்தனைகளுக்கும் பொருந்தும் டிக்கெட் மேலே உள்ள லேனில் மட்டுமே தோன்றும். `priority in (High, Highest)` என்பதை மேலே வைத்துவிட்டு அதற்குக் கீழே `priority = Highest` என்று எழுதினால், கீழ் லேன் எப்போதும் காலியாகவே இருக்கும். அவசர வேலை எதுவும் இல்லை என்று குழு நிம்மதியாக இருக்க, அவை மேல் லேனில் மற்றவற்றோடு கலந்து கிடக்கும்.

அவசர லேனுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகளுக்கு வரம்பு வைக்கும் கான்பான் முறையில் பரவலாகச் சொல்லப்படுவது, ஒரு நேரத்தில் ஒன்று. அதற்குள் இன்னொன்றை யார் நுழைக்கலாம் என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஜிராவில் வரம்பு நெடுவரிசைக்குத்தான் வைக்க முடியும், லேனுக்குத் தனியாக வைக்க முடியாது. எனவே இதைக் குழுவே கண்ணால் பார்த்துக் காக்க வேண்டும். அவசர லேனில் இருப்பவை பொது லேனில் இருப்பவற்றைவிட அதிகமாகிவிட்டால், அந்த லேனுக்கு அர்த்தம் போய்விட்டது. புகார் சொன்னவரின் பதவியை வைத்து முன்னுரிமை தரப்படுகிறதா என்று அப்போது பார்க்க வேண்டும்.

சேர்ந்து பொருள் உருவாக்கும் குழு இதே அவசரவாரியை எடுத்துக்கொண்டால் வேறு விதமாகக் கெடும். அவர்களுடைய ‘செய்ய வேண்டியவை’ ஏற்கெனவே முக்கியத்துவப்படி மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டதுதான். அதன்மேல் முன்னுரிமை லேனும் வந்தால், கீழ் லேனில் சோதனைவரை வந்துவிட்ட கார்டை, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடியதை, யாரும் தொட மாட்டார்கள். மேல் லேனில் புதிதாக ஒன்றைத் தொடங்கவே எல்லோரும் போவார்கள். பாதி வேலைகள் பெருகும்.

அப்படியென்றால் ஆள்வாரி லேன் யாருக்கு? ஒருவர் வேலையை இன்னொருவர் எடுத்துச் செய்ய முடியாத, எடுக்கவும் கூடாத குழுக்களுக்கு. தணிக்கை அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாடிக்கையாளர்கள். வெளியே சென்று இயந்திரம் பழுது பார்ப்பவர்களுக்குத் தனித்தனிப் பகுதிகள். இங்கே தெரிய வேண்டியது யாரிடம் சுமை கூடிவிட்டது, புதிதாக வந்ததை யாருக்குக் கொடுக்கலாம் என்பதுதான். இவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ஒப்படைக்கப்படாதவற்றின் லேன் மேலே இருக்க வேண்டும். அடியில் இருந்தால் திரையை உருட்டிப் பார்க்கும்வரை புதிய வேலை வந்ததே தெரியாது.

பொருள் உருவாக்கும் குழுவில் ‘என் வேலை எது’ என்று பார்க்க விரும்புவதில் தவறில்லை, அதற்காக எல்லோருடைய போர்டையும் பிரிக்க வேண்டியதில்லை. போர்டின் மேலே உள்ள தன் படத்தைச் சொடுக்கினால் தன் கார்டுகள் மட்டும் தெரியும், அல்லது `assignee = currentUser()` என்று ஒரு `Quick filter` வைத்துக்கொள்ளலாம். மேலாளருக்கு ஆள்வாரிப் பார்வை தேவை என்றால், இந்தப் போர்டு எந்த ஃபில்டரை வைத்து அமைந்ததோ அதன் மேலேயே அவருக்கு இன்னொரு போர்டு அமைத்துக்கொடுக்கலாம்.

இரண்டு விதமான வேலையும் பார்க்கும் குழுக்கள் நிறைய. நாள் முழுவதும் புதிய வசதிகள், நடுவே திடீரென்று ஒரு புகார். அவர்களுக்கு அவசரத்துக்கு ஒன்றும் வசதிகளுக்கு இரண்டுமாகக் கலந்து அமைப்பது நன்றாக உதவும்:

```
priority = Highest
parent = PAY-120
parent = PAY-134
```

`PAY-120`, `PAY-134` என்பவை அந்த இரண்டு வசதிகளின் எபிக் எண்கள். இதில் ஒரு சிரமம் உண்டு. ஒரு வசதி முடிந்து அடுத்தது தொடங்கும்போது இந்த வரிகளை யாராவது கையால் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் புதிய வசதியின் கார்டுகள் அடியில் உள்ள பொது லேனுக்குள் போய்விடும், மேலே முடிந்துபோன வசதியின் லேன் வெறுமனே நிற்கும். போர்டு அமைப்பைத் திருத்தும் உரிமை நிர்வாகியிடம் மட்டும் இருக்கும் அலுவலகங்களில் இதற்கே நாலு நாள் ஆகிவிடுவதுண்டு. எனவே குழுவில் ஒருவருக்காவது அந்த உரிமையை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வசதியைத் திட்டமிடும் கூட்டத்திலேயே அவர் அந்த வரியை மாற்றிவிட வேண்டும்.