எரர் ஸ்பாட்டிங்: நானும் தம்பியும் வினைமுற்றைத் தேடிய கதை

வங்கி வேலைக்கான ஐபிபிஎஸ் கிளார்க் முதல்நிலைத் தேர்வுக்கு நானும் தம்பியும் சேர்ந்துதான் படித்தோம். கணக்கையும் ரீசனிங்கையும் தமிழிலேயே எழுதலாம் என்று 2021-ல் வழி திறந்தது. ஆங்கிலப் பகுதிக்கு அந்த வசதி கிடையாது. 30 கேள்வி, 20 நிமிடம். நேரம் முடிந்தால் அந்தப் பகுதி தானாக மூடிக்கொள்ளும், திரும்பிப் போக முடியாது.

இருவருமே பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். பத்தி படித்துப் பதில் சொல்வதும் க்ளோஸ் டெஸ்ட்டும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. வாக்கியத்தில் எந்தப் பகுதியில் பிழை என்று கண்டுபிடிக்கும் எரர் ஸ்பாட்டிங்கில்தான் ஐந்து போட்டால் ஒன்றோ இரண்டோ சரியாக வரும். கோச்சிங் சென்டரில் சேர்ந்திருந்தபோது “வாக்கியத்தை வாய்விட்டுப் படி, காதுக்கு உறுத்துற இடம்தான் தப்பு” என்றார்கள். எங்கள் காதுக்கு எதுவுமே உறுத்தவில்லை. ஏன் உறுத்தவில்லை, அதற்குப் பதிலாக என்ன செய்தோம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். அதிலும் எழுவாயும் வினையும் பொருந்தாத பிழை மட்டும்தான்.

முதலில் ஒரு வாக்கியம்

பழைய தேர்வு எழுதியவர்கள் நினைவிலிருந்து தொகுத்த கேள்விகளைத் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வோம். ஒரு தாளுக்கு ஒரு வாக்கியம். நான் கடையிலிருந்து வந்ததும், இரவு எட்டரைக்குத் திண்ணையில் உட்காருவோம். அன்றைக்கு எழுதிய வாக்கியம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

```
(A) The quality of the mangoes sold in these shops
(B) were checked
(C) by the officers
(D) last week.
(E) No error
```

தம்பி E போட்டான். நான் C போட்டேன். விடை B.

“எப்படிக்கா தப்பாகும்? தமிழ்ல சரியாத்தானே வருது” என்று சொல்லி, ஆங்கில வாக்கியத்துக்குக் கீழேயே தமிழில் எழுதினான்: ‘இந்தக் கடைகளில் விற்கப்பட்ட மாம்பழங்களின் தரம் சோதிக்கப்பட்டது.’ நான் பென்சிலை வாங்கி, மேலே இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் கீழே இருக்கும் அதன் தமிழ்ச் சொல்லோடு கோடு போட்டு இணைத்தேன். கோடுகள் எல்லாம் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. ஆங்கிலத்தில் முதலில் நிற்கும் ‘குவாலிட்டி’, தமிழில் கடைசியில், வினைக்கு ஒட்டி நிற்கிறது. ஆங்கிலத்தில் வினைக்கு ஒட்டி நிற்பது ‘ஷாப்ஸ்’.

அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தமிழில் எழுவாய் பெரும்பாலும் அடைமொழிகளை எல்லாம் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியில் வரும். அதனால் வினைக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பிடித்துப் பழகியிருக்கிறோம். ஆங்கிலத்திலும் அதையே செய்து ‘ஷாப்ஸ், மேங்கோஸ், பன்மை, அப்போ வேர் சரி’ என்று கடந்துவிடுகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. பேச்சில் நாம் ‘மாடுகள் வந்தது’, ‘பழமெல்லாம் நல்லா இருந்தது’ என்றுதான் சொல்கிறோம். அஃறிணைக்கு ஒருமை, பன்மை வினை வேறுபாட்டை நம் காது கேட்டே பழகவில்லை. ‘வாஸ்’ இருந்தாலும் ‘வேர்’ இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். காதை நம்பி இந்தப் பிழையைப் பிடிக்க முடியாததற்கு இதுவே காரணம்.

படி 1: வினைமுற்றைக் கண்டுபிடி

விதிகளை மனப்பாடம் செய்யும் முன் இதைச் செய்யுங்கள். வாக்கியத்தில் உண்மையான வினை எது? மேலே உள்ள வாக்கியத்தில் ‘சோல்டு’ ஒன்று, ‘வேர் செக்டு’ ஒன்று. நான் முதலில் ‘சோல்டு’தான் வினை என்று நினைத்தேன். அதனால்தான் அதிலேயே சிக்கி C-க்குப் போனேன். என்னை மாதக்கணக்கில் தடுக்கிவிட்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணத்தை நினைத்துப் பாருங்கள். பெயரெச்சம், வினைமுற்று. ‘விற்கப்பட்ட’ என்று சொன்னால் வாக்கியம் முடியாது, ‘விற்கப்பட்ட என்ன?’ என்று கேட்கத் தோன்றும். அது பெயரெச்சம். ‘சோதிக்கப்பட்டது’ என்றால் முடிந்துவிட்டது. அது வினைமுற்று. ஆங்கில வினையைத் தமிழில் மாற்றிப் பாருங்கள். பின்னால் ஒரு பெயர் வேண்டும் என்று கேட்டால் அதைத் தொடாதீர்கள். தானே முடிகிறதா, அதற்கு வட்டம் போடுங்கள்.

இதைச் சொன்னவன் தம்பிதான். எனக்கு ‘பார்ட்டிசிப்பிள்’ என்று எத்தனை வீடியோவில் விளக்கியும் ஏறவில்லை. ‘விற்கப்பட்ட மாம்பழம், அது பெயரெச்சம்க்கா’ என்று அவன் சொன்ன ஒரே நிமிடத்தில் ஏறிவிட்டது. தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இந்த ஒரு ஆயுதம் ஏற்கெனவே கையில் இருக்கிறது, தயவுசெய்து பயன்படுத்துங்கள்.

படி 2: வட்டத்திலிருந்து இடப்பக்கம் போ

வட்டம் போட்ட வினையிடம் ‘எது?’ அல்லது ‘யார்?’ என்று கேளுங்கள். சோதிக்கப்பட்டது எது? தரம். அப்புறம் முதல் ‘ஆஃப்’ வரும் இடத்திலிருந்து வினை வரைக்கும் பென்சிலால் அடியுங்கள். மிஞ்சுவது இவ்வளவுதான்:

```
The quality ... were checked
```

இப்போது யாருக்கும் தெரியும், அங்கே ‘வாஸ்’ வேண்டும். ‘அலாங் வித்’, ‘ஆஸ் வெல் ஆஸ்’ வந்தாலும் இதே மாதிரி அடித்துவிடலாம். அவற்றுக்குப் பின்னால் எத்தனை பேர் வந்தாலும் வினை முதல் ஆளைத்தான் பார்க்கும்.

நாங்கள் ஒருவர் வட்டம் போட, அடுத்தவர் அடிப்பது என்று பிரித்துக்கொண்டோம். வட்டம் தப்பான இடத்தில் விழுந்தால் அடிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் மிஞ்சுகிற வாக்கியத்துக்குப் பொருளே இருக்காது. தனியாகப் படிக்கிறவர்கள் மிஞ்சியதைத் தனி வரியில் எழுதிப் பார்த்தால் அதே வேலை நடக்கும்.

படி 3: ‘ஆஃப்’ ஏமாற்றும் இடங்கள்

முதல் ‘ஆஃப்’புக்கு முன்னால் இருப்பதுதான் எழுவாய் என்று நம்பிக்கொண்டே போனால் இங்கே விழுவீர்கள்:

```
A number of customers standing in the queue
has complained about the delay.

The number of complaints received this month
has come down.
```

முதல் வாக்கியம் தவறு, இரண்டாவது சரி. இதையும் தமிழில் மாற்றித்தான் பிரித்தோம். ‘எ நம்பர் ஆஃப்’ என்றால் ‘பல’. பல வாடிக்கையாளர்கள், எனவே ‘ஹேவ்’. ‘த நம்பர் ஆஃப்’ என்றால் ‘எண்ணிக்கை’. புகார்களின் எண்ணிக்கை குறைந்தது, எனவே ‘ஹேஸ்’. ‘மோஸ்ட் ஆஃப்’, ‘சம் ஆஃப்’, ‘எ லாட் ஆஃப்’ எல்லாம் முதல் வகை. அளவைச் சொல்கிற சொல் வந்தால் ‘ஆஃப்’புக்குப் பின்னால் இருக்கும் பெயரைப் பாருங்கள். பணம் என்றால் ஒருமை, கடன்கள் என்றால் பன்மை.

‘ஈச் ஆஃப்’ மட்டும் இதில் சேராது, அது எப்போதும் ஒருமைதான். ‘ஒவ்வொருவரும்’ என்று தமிழில் மாற்றினால் பன்மை போலத் தோன்றும், அங்கே தமிழை நம்பாதீர்கள்.

படி 4: பென்சிலை விடு

மூன்று வாரத்தில் காலண்டர் தாளில் ஐந்துக்கு நாலு வந்தது. அந்தத் தைரியத்தில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மாக் டெஸ்ட் எழுதினோம். தம்பிக்கு இரண்டு, எனக்கு ஒன்று. திரையில் வட்டம் போட முடியாது, அடிக்கவும் முடியாது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. ரஃப் தாளில் வாக்கியத்தை எழுதிப் பார்த்தால் நேரம் போய்விடும்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி ஒன்றுமே பேசவில்லை. மறுநாள் அவனே ஒரு வழி சொன்னான்: மவுஸ் அம்பைக் கொண்டுபோய் வினைமுற்றின் மேல் வைத்துவிடு, அதுதான் வட்டம். பிறகு கண்ணை மட்டும் வாக்கியத்தின் தலைக்குக் கொண்டு போ. முதல் பெயரையும் அம்பு இருக்கும் சொல்லையும் சேர்த்து மனதுக்குள் ஒரு முறை படி.

எனவே என் யோசனை: முதல் மூன்று வாரம் காகிதம், கடைசி இரண்டு வாரம் கணினி. தேர்வு நடப்பது கணினியில், மவுஸை வைத்து. செல்போன் ஆப்பில் இந்தப் பயிற்சி செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. விரல் பட்டால் விடை பதிவாகிவிடும், யோசிக்கும் முன்பே அடுத்த கேள்வி வந்து நிற்கும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கேள்விக்குச் சராசரியாக 40 நொடி. பத்திக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்பதால் எரர் ஸ்பாட்டிங்குக்கு 30 நொடி என்று வைத்துக்கொண்டோம். வினைமுற்றைப் பார்த்தாயிற்று, பொருந்துகிறது, வேறு பிழையும் தெரியவில்லை என்றால் E போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். ஒன்றுமே புரியாத கேள்வியில் குருட்டாம்போக்கில் போடுவதில் பலன் இல்லை. ஒரு தவறுக்குக் கால் மதிப்பெண் போகும், ஐந்து விடையில் ஒன்றுதான் சரி. அப்படி ஐந்து கேள்வி போட்டால் சராசரியாக ஒன்று கிடைத்து, நாலு தவறில் அந்த ஒன்றும் போய்விடும். இரண்டு பகுதியாவது சரி என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் போடுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், ‘ஒன் ஆஃப் த’ வரும் வாக்கியத்தில் இந்த முறை உதைக்கிறதே என்று கேட்டு ஒரு வாக்கியம் அனுப்பியிருந்தார்:

```
She is one of the clerks who handle cash.
```

‘ஒன்’ ஒருமைதானே, ‘ஹேண்டில்ஸ்’ வர வேண்டாமா என்பது அவர் கேள்வி. எனக்கும் உடனே பதில் தெரியவில்லை. தம்பிக்கு அனுப்பினேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தான்.

“தமிழ்ல சொல்லிப் பாருக்கா. ‘பணத்தைக் கையாளும் கிளார்க்குகளில் ஒருத்தி.’ கையாளும்ங்கிற பெயரெச்சம் எதுக்கு முன்னாடி நிக்குது?”

“கிளார்க்குகளுக்கு.”

“அப்போ கையாளுறது அவங்க எல்லாரும். ‘ஹேண்டில்’ சரிதான். அவ ஒருத்திக்கு ‘இஸ்’ ஏற்கெனவே போட்டாச்சு.”

அதாவது அங்கே இரண்டு வினை, இரண்டு எழுவாய். ‘ஹூ’ வந்தால் அதற்குப் பிறகு வரும் வினையைத் தனி வாக்கியமாக எடுத்து, ‘ஹூ’வுக்கு நேர் முன்னால் உள்ள பெயரோடு பொருத்திப் பாருங்கள். ‘த ஒன்லி ஒன் ஆஃப்’ என்று வந்தால் மட்டும் மாறும். ‘கிளார்க்குகளில் பணத்தைக் கையாளும் ஒரே ஆள்’ என்று ஆகிவிடுவதால் அங்கே ‘ஹேண்டில்ஸ்’.