காலேஜ் ஆஃபரில் லேப்டாப் வாங்குமுன் விளம்பர அட்டையைப் படிப்பது எப்படி?

கவுன்சலிங் முடிந்து சீட் உறுதியானதும் அடுத்த செலவு லேப்டாப். ஜூலை, ஆகஸ்டில் எந்தக் கடைக்குப் போனாலும் 'பேக் டு காலேஜ்' போர்டு தொங்கும். இந்த வருடம் அக்கா பையனுக்கு மெக்கானிக்கல் கிடைத்தது, லேப்டாப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. அப்போது கற்றதைத்தான் எழுதுகிறேன். எஸ்எஸ்டி என்றால் என்ன என்பதிலிருந்தெல்லாம் ஆரம்பிக்கப் போவதில்லை, அது வேகமான ஸ்டோரேஜ், அவ்வளவு தெரிந்தால் போதும்.

எல்லாக் கடையிலும் அட்டை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: "ரைசன் 5, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 இன்ச் ஃபுல் எச்டி, விண்டோஸ் 11, ஆபீஸ். பையும் ஹெட்போனும் இலவசம்." இதையே எடுத்துக்கொள்வோம்.

படி 1: பிராசஸரின் முழு எண்ணைக் கேளுங்கள்

'ரைசன் 5' என்பது பாதிப் பெயர்தான். அதற்குப் பின்னால் பெரும்பாலும் நான்கு இலக்கமும் ஓரிரு எழுத்தும் வரும், விஷயமெல்லாம் அங்கேதான். Ryzen 5 7520U, Ryzen 5 7530U இரண்டும் அட்டையில் ஒரே 'ரைசன் 5, 7000 சீரிஸ்' ஆகத்தான் தெரியும். ஆனால் 7520Uவில் நான்கு கோர்தான், உள்ளே இருப்பது 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 7530Uவில் ஆறு கோர், அதற்கு அடுத்து வந்த ஜென் 3. 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. முதல் இலக்கமான 7 மாடல் வருடத்தைத்தான் சொல்கிறது, உள்ளே இருப்பதின் வயதை இல்லை. ஆனால் 5000 வரிசைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதீர்கள், அதற்குப் பெயர் வைத்த முறையே வேறு.

இன்டெலில் கடைசி எழுத்தைப் பாருங்கள். U என்றால் மின்சாரம் குறைவாகக் குடிப்பது, H என்றால் வேலை அதிகம் செய்வது, கூடவே சூடும் அதிகம். "சார், i5-1235Uல பத்து கோர், i5-12450Hல எட்டுதான்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். எண்ணிக்கை சரிதான். ஆனால் அந்தப் பத்தில் வலுவான கோர் இரண்டுதான், மீதி எட்டும் சின்னவை. 12450Hஇல் வலுவானது நான்கு, சின்னது நான்கு. CAD வரைபட சாஃப்ட்வேர் ஓட்டப் போகிறவனுக்கு இரண்டாவதுதான் சரி. நோட்ஸ் எடுக்கவும் சி புரோகிராம் எழுதவும் மட்டும் என்றால் முதலாவதே தாராளம், சார்ஜும் கூடுதல் நேரம் நிற்கும்.

படி 2: ரேம். இங்கேதான் நிதானமாக இருக்க வேண்டும்

"இப்போ 8 ஜிபி வாங்குங்க, அப்புறம் ஏத்திக்கலாம்" என்று கடையில் சொல்வார்கள். ஏற்ற முடியுமா என்பது அந்த மாடலைப் பொறுத்தது. சில மாடலில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைத்து வரும், வாங்கிய அன்று என்ன இருந்ததோ கடைசிவரை அதுதான். சிலவற்றில் பாதி பற்றவைத்தது, பாதிக்கு ஸ்லாட். சிலவற்றில் முழுக்க ஸ்லாட்.

கண்டுபிடிக்க ஒரு வழி, கம்பெனி தளத்தில் அந்த மாடலின் முழு விவரப் பக்கத்தில் மெமரி என்ற வரியைப் படிப்பது. LPDDR என்று ஆரம்பித்தாலோ onboard, soldered என்று இருந்தாலோ பற்றவைத்தது. (மேலே சொன்ன 7520U எடுப்பதே LPDDR5 மட்டும்தான், அதனால் அந்தச் சிப் உள்ள லேப்டாப்பில் பிறகு ரேம் ஏற்றும் பேச்சே கிடையாது.) SODIMM என்று இருந்தால் ஸ்லாட்.

டெமோ பீஸ் கையில் கிடைத்தால் இன்னும் நல்லது. Ctrl + Shift + Esc அழுத்தினால் Task Manager திறக்கும். அதில் Performance, அப்புறம் Memory. கீழே Form factor என்ற வரியில் Row of chips என்று இருந்தால் பற்றவைத்தது, SODIMM என்றால் கழற்றலாம். Slots used: 1 of 2 என்று இருந்தால் ஒரு ஸ்லாட் காலி. ஒன்று கவனியுங்கள், டெமோ பீஸும் பெட்டியில் தருவதும் ஒரே மாடல் எண்தானா என்று கடைசி எழுத்துவரை ஒப்பிட வேண்டும், வெளியே ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே மாறும்.

8 ஜிபியில் தனி கிராபிக்ஸ் இல்லாத லேப்டாப் தன் திரைக்காகவும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். விண்டோஸ், பிரவுசரில் பத்து டேப், ஒரு வீடியோ கிளாஸ், அத்தோடு மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். என் கருத்து: பற்றவைத்த ரேம் என்றால் 16 ஜிபிக்குக் கீழே வேண்டாம், ஸ்லாட் இருந்தால் 8இல் ஆரம்பிக்கலாம்.

மற்றதெல்லாம் சீக்கிரம் சொல்லிவிடலாம். 512 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 476 என்று காட்டும். ஏமாற்று இல்லை, கம்பெனியும் விண்டோஸும் ஜிபியைக் கணக்கிடும் முறை வேறு. திரையில் ஐபிஎஸ் பேனல் கேளுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் சாய்ந்து பார்த்தாலே நிறம் மங்கும். முதல் வருடத்துக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை.

படி 3: ஆஃபரைப் பணமாக மாற்றிப் பாருங்கள்

பை, ஹெட்போன், மவுஸ் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, அதே மாடல் எண் ஆன்லைனில் என்ன விலை என்று பாருங்கள். பல இடங்களில் இலவசத்தின் விலை உள்ளேயே ஏறியிருக்கும். இலவசங்களில் நான் மதிப்பது கூடுதல் வாரண்டி ஒன்றைத்தான். ஆனால் அது பெரும்பாலும் தானாக வராது, பில்லையும் சீரியல் நம்பரையும் கம்பெனி தளத்தில் ஏற்ற வேண்டும், அதற்குக் கெடுவும் இருக்கும். எத்தனை நாள் என்று கடையிலேயே கேட்டு பில்லின் பின்னால் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் 'நோ காஸ்ட் இஎம்ஐ'. கிரெடிட் கார்டில் வங்கி வட்டி போடத்தான் செய்யும், அந்தத் தொகையைக் கடை முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழிக்கும். வட்டி 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த 3,000 உங்களுக்குத் திரும்பிவிடும், ஆனால் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 540 ரூபாய், உங்கள் கையிலிருந்துதான் போகும். பிராசசிங் கட்டணம் இருந்தால் அது தனி.

படி 4: பில் போடும் முன்

மாணவர் தள்ளுபடி என்றால் ஐடி கார்டு கேட்பார்கள். முதல் வருடப் பிள்ளைகளுக்கு அது கைக்கு வரவே நாளாகும். அட்மிஷன் கடிதமும் ஃபீஸ் ரசீதும் போதுமா, பில் அப்பா பெயரில் இருக்கலாமா என்பதைப் பணம் கட்டும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: "ஆபீஸ் எங்கே போச்சு?" என்று கமென்டில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இருவருக்கும் நடந்தது ஒன்றுதான், 'செட்டப் பண்ணித் தர்றோம்' என்று கடைக்காரரே தன் மெயில் ஐடியைப் போட்டு லேப்டாப்பைத் திறந்திருக்கிறார். லேப்டாப்போடு வரும் ஆபீஸ், அதை முதலில் ஆக்டிவேட் செய்யும் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய தொல்லை, டிஸ்க் பூட்டு இயங்கினால் அதன் ரெக்கவரி கீயும் அந்தக் கணக்குக்கே போகும். ஒருநாள் நீலத் திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்கும்போது பையன் யாரிடம் போய் நிற்பான்? அதனால் பெட்டியைக் கடையில் பிரித்து சீரியல் நம்பரையும் திரையையும் மட்டும் பார்த்துவிட்டு, செட்டப்பை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பையனின் சொந்த மெயிலில், அதுவும் பாஸ்வேர்டு நினைவிருக்கிற மெயிலில். முடிந்ததும் பிரவுசரில் aka.ms/myrecoverykey போய், கீ அங்கே இருந்தால் ஒரு தாளில் எழுதி பில்லோடு பின் அடித்து வையுங்கள். ஹாஸ்டலுக்கு அந்தத் தாள் போக வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும்.