கட்டண வகுப்பு வீடியோவை எங்கே வைப்பது? சுட்டி வெளியே போனாலும் ஓடாதபடி அமைக்கும் முறை

ஆரி வேலை சொல்லித்தரும் வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 20 நிமிட வீடியோக்கள் 12, பணம் கட்டிய மாணவிகள் 40 பேர், வேர்ட்பிரஸில் ஒரு தளம். வீடியோவை எந்தச் சேவையில் ஏற்றலாம் என்று யோசிக்கும்போது விலைப்பட்டியலுக்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: வீடியோவை ஓடவிடும் முன் அந்தச் சேவை எதைச் சரிபார்க்கிறது?

படி 1: யூடியூபின் இரண்டு வழிகள்

Unlisted என்று வைத்த வீடியோ தேடலில் வராது, உங்கள் சேனல் பக்கத்திலும் தெரியாது. ஆனால் சுட்டி யார் கையில் இருந்தாலும் ஓடும். ஒரு மாணவி அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அங்கே இருக்கும் எல்லோரும் பார்க்கலாம். யாராவது தங்களுடைய பொதுப் பிளேலிஸ்டில் சேர்த்துவிட்டால் முன்பின் தெரியாதவர் கண்ணிலும் படும். உங்கள் தளத்தில் பதித்து வைத்தாலும் இதே நிலைதான். பிளேயரின் தலைப்பைச் சொடுக்கினால் யூடியூப் பக்கமே திறந்துவிடும்.

Private வைத்தால் நீங்கள் அழைத்த கூகுள் கணக்குகளுக்கு மட்டுமே ஓடும். பாதுகாப்பு நல்லதுதான். ஆனால் ஒரு வீடியோவுக்கு 50 பேர் வரைதான் அழைக்க முடியும். ஒவ்வொரு வீடியோவுக்கும் மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்த்தாக வேண்டும். பத்துப் பதினைந்து பேர் கொண்ட சிறு வகுப்புக்கு இதுவே போதும், செலவும் இல்லை. 40 பேருக்கு மேல் வளரும் வகுப்பென்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: தளத்தோடு பூட்டுவது

விமியோவின் கட்டணத் திட்டங்கள், பன்னி ஸ்ட்ரீம், கிளவுட்ஃபிளேர் ஸ்ட்ரீம் போன்றவற்றில், வீடியோ எந்த டொமைனில் மட்டும் ஓடலாம் என்று குறிப்பிடலாம். விமியோவில் Specific domains, பன்னியில் Allowed Domains என்று இருக்கும். உங்கள் தள முகவரியை www உடனும் இல்லாமலும் சேர்த்துவிடுங்கள். டவுன்லோடு பொத்தானையும் அங்கேயே அணைத்துவிடலாம்.

பிரவுசர் அனுப்பும் 'எந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன்' என்ற தகவலை வைத்துத்தான் இந்தப் பூட்டு வேலை செய்கிறது. உங்கள் தளத்தில் ஏதாவது பாதுகாப்புச் செருகுநிரல் `Referrer-Policy: no-referrer` என்று அமைத்திருந்தால், பணம் கட்டிய மாணவிக்கே வீடியோ ஓடாமல் போகலாம். அப்படிப் புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

படி 3: சோதனை

மாணவிக் கணக்கில் நுழைந்து பாடப் பக்கத்தைத் திறங்கள். பக்கத்தின் மூலநிரலில் `iframe` அல்லது `video` என்று தேடி, `src` இல் உள்ள முகவரியை நகலெடுத்து, இன்காக்னிட்டோ சாளரத்தில் ஒட்டுங்கள். வீடியோ ஓடினால், பக்கத்துக்குத்தான் பூட்டு இருக்கிறது, வீடியோவுக்கு இல்லை. எம்பி4 கோப்பை நேரடியாக வேர்ட்பிரஸ் மீடியாவில் ஏற்றியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: பக்கம் லாகின் கேட்கும், `wp-content/uploads` இல் இருக்கும் கோப்போ கேட்காது.

படி 4: காலாவதியாகும் சுட்டி

முகவரியை நகலெடுத்துப் பகிர்ந்தாலும் சில மணி நேரத்தில் செத்துப்போக வேண்டுமென்றால் டோக்கன் தேவை. பன்னி ஸ்ட்ரீமில் அது இப்படி உருவாகும்:

```php
$expires = time() + 3 * 3600;
$token = hash('sha256', $key . $videoId . $expires);
```

கிடைக்கும் டோக்கனையும் நேரத்தையும் பிளேயர் முகவரியின் கடைசியில் `?token=...&expires=...` என்று சேர்க்க வேண்டும். `$key` என்பது பன்னி தரும் ரகசியச் சாவி, அது உங்கள் சர்வரில் மட்டுமே இருக்கட்டும். பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டில் போட்டால் பூட்டியதற்கு அர்த்தமே இல்லை. 20 நிமிட வீடியோவுக்கு 3 மணி நேரம் எதற்கு என்றால், தையலை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர்களுக்கு நடுவில் அறுந்துவிடக் கூடாது. கிளவுட்ஃபிளேரிலும் கையெழுத்திட்ட சுட்டி என்று இதே ஏற்பாடு உண்டு.

படி 5: செலவும் எல்லையும்

720p வீடியோ நொடிக்கு 1.5 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 675 எம்பி. முழு வகுப்பு 4 மணி நேரம், அதாவது 2.7 ஜிபி. 40 பேர் இரண்டு முறை பார்த்தால் 216 ஜிபி. பன்னியைப் போல ஜிபி கணக்கில் வாங்கும் சேவையென்றால், அதன் விலையை இதோடு பெருக்குங்கள். கிளவுட்ஃபிளேர் நிமிடக் கணக்கில் வாங்குவது, அங்கே 40 × 2 × 240 = 19,200 நிமிடம்.

இவ்வளவு செய்தாலும் லாகின் செய்த மாணவி திரையைப் பதிவு செய்யலாம்; டவுன்லோடு கருவி தெரிந்தவர் டொமைன் பூட்டையும் ஏமாற்றலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால், வீடியோவையே மறைகுறியாக்கி அனுப்பும் டிஆர்எம் பூட்டைத் தரும் விடிஓசைஃபர் போன்ற சேவை இருக்கிறது. செலவு கூடும், கணினியில் சில பிரவுசர்களில் திரைப்பதிவை அதுவும் தடுக்காது. என் கருத்தில், இந்த வகுப்புக்கு டோக்கனும், மாணவியின் தொலைபேசி எண் வீடியோ மேல் இடம் மாறி மாறித் தெரியும் வாட்டர்மார்க்கும் போதும். தன் எண் தெரியும் வீடியோவை வெளியே அனுப்ப யாரும் தயங்குவார்கள்.